13 ப்ரோ சட்டை போட்ட எக்ஸ்ஆர்

கேள்வி: "பெங்களூரில் வேலை பார்க்கிறேன். பழைய பொருள் விற்கும் ஆப் ஒன்றில் ஐபோன் 13 ப்ரோ, 256 ஜிபி, 29,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. பெட்டி, சார்ஜிங் ஓட்டை, பின்பக்கம், செட்டிங்ஸ் என்று நாலு போட்டோ அனுப்பினார். கீழே போட்டிருக்கிறேன். ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று போட்டோவைப் பார்த்தே சொல்ல முடியுமா? நாளை மாலை மெஜஸ்டிக்குக் காசோடு வரச் சொல்கிறார்."

இந்த நாலு போட்டோவை மட்டும் வைத்து "டூப்ளிகேட்" என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னும் மூன்று படம் வராமல் நாளை மெஜஸ்டிக்குப் போகாதீர்கள். என் சந்தேகம், இது நீங்கள் பயப்படுகிற வகை டூப்ளிகேட்டே இல்லை, வேறு வகை. அந்த வகைதான் இப்போது படித்தவர்களையும் ஏமாற்றுகிறது. எஸ்.பி. ரோடு சந்து ஒன்றில் 14 வருஷமாக போன் சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனி அங்கீகாரம் பெற்ற சென்டர் ஆள் கிடையாது. நான் சொல்வதெல்லாம் ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டது என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

போலி ஐபோன் என்றால் பெரும்பாலானவர்கள் நினைப்பது, உள்ளே ஆண்ட்ராய்டை ஓடவிட்டு மேலே ஐபோன் மாதிரி தோல் போர்த்திய செட்டை. கடைக்காரர்கள் அதை 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்பார்கள். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். திரைக்குக் கீழே தாடை மாதிரி ஒரு கறுப்புப் பட்டை மற்ற மூன்று பக்கத்தையும் விடத் தடிமனாக இருக்கும். ஆப் ஸ்டோரைத் தொட்டால் கூகுள் கணக்கு கேட்கும். நோட்ஸில் 'அம்மா' என்று தமிழில் அடிக்கச் சொன்னால் எழுத்து வடிவமே காட்டிக்கொடுத்துவிடும். ஐபோனின் தமிழ் எழுத்துரு வேறு, ஆண்ட்ராய்டினுடையது வேறு. தினமும் ரெண்டையும் பார்க்கிற கண்ணுக்கு அந்த வளைவு உடனே உறைக்கும். உங்கள் நாலாவது படத்தில் திரையின் ஓரம் எல்லாப் பக்கமும் ஒரே தடிமன், வரிகளின் இடைவெளியும் எழுத்தும் சரி. ஆகவே இது ஆண்ட்ராய்டு காப்பி இல்லை என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்வேன். உள்ளே இருப்பது ஆப்பிள் போர்டுதான். எந்த மாடலின் போர்டு என்பதுதான் இனி பார்க்க வேண்டியது.

மார்க்கெட்டில் இதற்கு 'கன்வெர்ஷன்' என்று பெயர், 'பாடி சேஞ்ச்' என்றும் சொல்வார்கள். 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆரை எடுத்து, அதன் போர்டு, திரை, பேட்டரியைக் கழற்றி, 13 ப்ரோ மாதிரியே செய்த தட்டை ஓர உடலுக்குள் மாற்றிவிடுவார்கள். இரண்டுமே 6.1 அங்குலத் திரை, அதனால் பொருந்திவிடும். பின்னால் மூன்று கேமரா கண் இருக்கும், வேலை செய்வது ஒன்று. மற்ற எல்லாமே நிஜம். ஆப் ஸ்டோர் நிஜம், ஃபேஸ் ஐடி வேலை செய்யும், ஐக்ளவுட் உள்ளே போகும், ஐஓஎஸ் 18 வரை அப்டேட்டும் வரும். "கூகுள் கணக்கு கேட்குதான்னு பார்த்துட்டேன் அண்ணா, கேட்கலை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்தது இதில்தான்.

உடலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டு, தெரிந்தே தன் எக்ஸ்ஆருக்கு இந்தச் சட்டை போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அது அவர்கள் இஷ்டம். அதையே 13 ப்ரோ என்று சொல்லி விற்கும்போதுதான் மோசடி.

இனி உங்கள் செட்டிங்ஸ் படம். `Settings > General > About` பக்கத்தில் முதல் வரி `Name`. அதில் `iPhone 13 Pro` என்று இருக்கிறது. அதற்கடுத்து `iOS Version` தெரிகிறது. அதற்குக் கீழே போனைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் வந்துவிடுகிறது. முதல் வரி யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய வரி. அதைத் தொட்டு 'முனியாண்டி' என்று அடித்தால் முனியாண்டி என்று காட்டும். ப்ளூடூத்தில், ஹாட்ஸ்பாட்டில் தெரிகிற பெயர் அதுதான். மாடலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மாடலைச் சொல்வது மூன்றாவது வரியான `Model Name`. அதை விரலால் தொட்டு மாற்ற முடியாது, போர்டிலிருந்து படித்துக் காட்டுவது அது. அதற்கும் கீழே `Model Number`. அதை ஒருமுறை தொட்டால் A-வில் தொடங்கும் எண்ணாக மாறும். இந்தியாவில் விற்ற 13 ப்ரோ என்றால் `A2638`, எக்ஸ்ஆர் என்றால் `A2105`. கட்டைவிரல் உட்கார்ந்திருப்பது சரியாக இந்த இரண்டு வரிகளின் மேல். தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அந்த விரல் பிடிக்கவில்லை.

இந்த விரலைப் பற்றி இவ்வளவு சொல்ல ஒரு காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு பையன் வந்தான். டெலிவரி வேலை பார்க்கிறவன், தமிழ்ப் பையன். "அண்ணா, ஜூம் பண்ணா புள்ளி புள்ளியா வருது, லென்ஸ் மட்டும் மாத்திக் குடுங்க" என்றான். கையில் வாங்கினேன். வெளிர்நீலம், பளபளப்பு, கீறல் இல்லை. கேமராவைத் திறந்தேன். 13 ப்ரோ என்றால் ஷட்டருக்கு மேலே மற்ற இரண்டு லென்ஸுக்கும் `.5`, `3` என்று பட்டன் இருக்கும். இதில் `.5` இல்லை, `3` இல்லை. "தம்பி, இதை எங்க வாங்கின?" என்றேன். ஆன்லைனில் பார்த்து, நேரில் போய், பெட்டியோடு வாங்கினானாம். பெட்டி எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்ததில் '13 ப்ரோ' என்றே வந்ததாம். அடியில் இருந்த இரண்டு ஐமுனை ஸ்க்ரூவைக் கழற்றி, சூடுகாட்டித் திரையைத் தூக்கினேன். உள்ளே எக்ஸ்ஆர் போர்டு. மேல் இடப்பக்க லென்ஸுக்குப் பின்னால் மட்டும் கேமரா. மற்ற இரண்டு கண்ணுக்குப் பின்னால் கறுப்பு ஸ்பாஞ்சு, அதைப் பிடித்துவைக்கக் காய்ந்த பசை. பையன் அதைப் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை. ஸ்பாஞ்சை மட்டும் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தான். விற்றவன் அனுப்பியிருந்த பழைய படங்களை வாட்ஸ்அப்பில் காட்டினான். `Name` வரி தெரிகிற மாதிரி செட்டிங்ஸ் படம். கீழே பாதி வெட்டியிருந்தது.

உங்கள் பெட்டிப் படத்துக்கு வருவோம். பெட்டி மேல் கண்ணாடித் தாள் இழுத்துச் சுற்றியிருக்கிறது, மூலையில் மடிப்பு மின்னுகிறது. 13 வரிசையில் ஆப்பிள் அந்தப் பிளாஸ்டிக் உறையையே எடுத்துவிட்டது. 2021-இல் அந்த மாடல் வந்தபோதே பெட்டியின் பின்பக்கம் கிழிக்கிற காகிதப் பட்டைகள்தான். எனவே இந்த உறை தொழிற்சாலையில் போட்டது கிடையாது. இன்னொரு விஷயம், பெட்டியின் உயரம். 2020-இல் 12 வரிசையிலிருந்து சார்ஜரும் இயர்போனும் பெட்டிக்குள் வருவதில்லை, அதனால் பெட்டி ஒல்லியாகிவிட்டது. 13 ப்ரோ பெட்டி தடிமனாக இருந்து, உள்ளே சார்ஜர் அடாப்டரும் இருந்தால் அது அச்சடித்த பெட்டி. உங்கள் படத்தில் பக்கவாட்டு உயரம் தெரியவில்லை. இந்தியாவில் விற்ற பெட்டியில் எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, இறக்குமதி செய்தவர் முகவரி, மாதம்-வருஷம் போட்ட ஒட்டு ஒன்று இருந்தாக வேண்டும். சட்டப்படி பாக்கெட் பொருள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அதையும் உங்கள் படத்தில் காணோம், அந்தப் பக்கமே காட்டவில்லை.

இதெல்லாம் பெட்டியைப் பற்றிய தீர்ப்பு மட்டுமே. தூசி படாமல் இருக்கட்டும் என்று பழைய செட் விற்கும் கடைகளே சூடான காற்றில் இந்த உறையைச் சுருக்கிப் போடுவார்கள். என் பக்கத்துக் கடையில் நாளைக்குப் பத்துப் பெட்டி அப்படிப் போகும். நல்ல போன் கெட்ட பெட்டியில் வரலாம், கெட்ட போன் நல்ல பெட்டியில் வரலாம். காலிப் பெட்டி தனியாகவே விலைக்குக் கிடைக்கிற ஊர் இது. பெட்டியை வைத்து சந்தேகப்படலாம், முடிவெடுக்க முடியாது.

சார்ஜிங் ஓட்டைப் படம் இந்த விஷயத்தில் ஊமை. எக்ஸ்ஆரிலும் லைட்னிங், 13 ப்ரோவிலும் லைட்னிங். 2023-இல் 15 வரும்வரை அதுதான். ஓட்டைக்கு இரண்டு பக்கமும் ஐந்து முனை நட்சத்திர ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நிறைய வீடியோ இருக்கிறது. ஆண்ட்ராய்டு காப்பியைப் பிடிக்க அது கொஞ்சம் உதவும், ஏனென்றால் அதில் சிலவற்றில் சாதா பிளஸ் ஸ்க்ரூ இருக்கும். கன்வெர்ஷனில் அதே நட்சத்திர ஸ்க்ரூவைத்தான் போடுவார்கள், அது மார்க்கெட்டில் சரம் சரமாகக் கிடைக்கிறது. ஒரே ஒரு விஷயத்துக்கு இந்தப் படம் பயன்படும். ஓட்டைக்குள் உலோகம் தேய்ந்து வாய் விளிம்பில் கேபிள் கீறல் நிறைய இருந்து, வெளி உடல் மட்டும் புத்தம் புதுசாக மின்னினால், உடலுக்கு ஒரு வயசு, உள்ளே இருப்பதற்கு ஒரு வயசு. உங்கள் படத்தில் ஓட்டைக்குள் இருட்டு, சொல்ல முடியவில்லை.

பின்பக்கப் படத்தில் மூன்று கண்ணும் ஒரே மாதிரி மட்டமான கறுப்பாகத் தெரிகின்றன. அசல் லென்ஸுக்குள் கண்ணாடி அடுக்கு அடுக்காக இருக்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் ஆழத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளி, பூச்சு இருப்பதால் ஊதா, பச்சை நிறத்தில் தெரியும். ஸ்பாஞ்சு வைத்த கண்ணில் மேலே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. ஆனால் டார்ச் இல்லாமல் ட்யூப்லைட்டில் எடுத்தால் அசல் லென்ஸும் சில நேரம் மட்டமாகத்தான் விழும். சில கன்வெர்ஷனில் பழுதான அசல் லென்ஸையே ஒட்டிவைக்கிறார்கள் என்பதும் உண்டு. 13 ப்ரோவின் ஓரச் சட்டம் துருப்பிடிக்காத எஃகு, பாத்திரம் மாதிரிப் பளபளக்கும், பின்கண்ணாடி மங்கலாக இருக்கும். மாற்று உடலில் சட்டத்தின் பளபளப்பு பெயிண்ட் மினுக்கமாக இருக்கும் என்று நான் கையில் பிடித்தால் சொல்லிவிடுவேன், போட்டோவில் சொன்னால் அது ஜோசியம். ஆப்பிள் இலச்சினை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது, நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கிறது என்று உங்களுக்கு வந்திருக்கும் கமெண்டுகளையும் இதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கேமரா கோணம் மாறினால் எல்லாம் மாறும்.

ஆகவே விற்பவரிடம் இன்று இரவே கேளுங்கள். முதல் வேண்டுகோள், `About` பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட். போட்டோ வேண்டாம், ஸ்க்ரீன்ஷாட். அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக வந்தால் போன் எடுத்த அளவு அப்படியே வரும். வந்ததும் கேலரியில் அந்தப் படத்தின் விவரத்தைத் திறந்து எத்தனை பிக்சல் என்று பாருங்கள். 13 ப்ரோவின் ஸ்க்ரீன்ஷாட் 1170 × 2532. எக்ஸ்ஆரின் ஸ்க்ரீன்ஷாட் 828 × 1792. திரை எத்தனை புள்ளியோ அத்தனையே படத்திலும் வரும், அதனால் `Name` வரியில் என்ன எழுதியிருந்தாலும் இந்த அளவு மாறாது. நீளத்தை அகலத்தால் வகுத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு திரைக்கும் விடை 2.16-தான், கண்ணுக்கு ஒரே வடிவம். பிக்சல் எண்ணிக்கைதான் வேறு. `Display Zoom` போட்டு எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் அளவு மாறலாம், அதனால் அதை `Default`-க்கு மாற்றிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் `Model Name`, `Model Number`, `Capacity` மூன்றும் தெரிய வேண்டும். 13 ப்ரோ 128 ஜிபியில்தான் தொடங்குகிறது, `Capacity` 64 என்று இருந்தால் அதோடு பேச்சு முடிந்தது.

இரண்டாவது, வெள்ளைப் பக்கம் ஏதாவது திறந்துவைத்து, நேர் எதிரே பிடித்து எடுத்த முன்பக்கப் படம். திரையின் மேல் நடுவில் கறுப்பாக இறங்கியிருக்கும் வெட்டு, அதாவது நாட்ச், அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். எக்ஸ்ஆரில் காது ஸ்பீக்கர் ஜாலி நாட்ச்சின் நடுவில் உட்கார்ந்திருக்கும், செல்ஃபி கேமரா அதற்கு வலப்பக்கம். 13 வரிசையில் நாட்ச்சைச் சுருக்கியபோது ஜாலியை மேலே கண்ணாடி விளிம்போடு ஒட்டித் தள்ளிவிட்டார்கள், கேமரா இடப்பக்கம் வந்துவிட்டது. இது பெயிண்ட் அடித்து மாற்றக்கூடிய விஷயம் இல்லை. ஃபேஸ் ஐடி அந்தப் போர்டோடும் அந்த உதிரியோடும் கட்டிப்போட்டிருக்கிறது, அந்த இடத்தில் கைவைத்தால் வேலை செய்யாது. அதனால் ஃபேஸ் ஐடி வேலை செய்யும் கன்வெர்ஷனில் நாட்ச் பழைய நாட்ச்சாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று ஓரத்தின் இரண்டு படம். கேட்கிறவர்கள் மிகக் குறைவு, ஆனால் எனக்குப் பிடித்த சோதனை இதுதான். 13 ப்ரோவில் சிம் ட்ரே இடப்பக்கம், வால்யூம் பட்டன்களுக்குக் கீழே. எக்ஸ்ஆரில் வலப்பக்கம், பவர் பட்டனுக்குக் கீழே. சிம் சாக்கெட் போர்டோடு சேர்ந்து அதே பக்கத்தில்தான் உட்காரும். உடலை என்ன வடிவத்தில் வார்த்தாலும் ட்ரே வாயை சாக்கெட் இருக்கிற பக்கமே வெட்டியாக வேண்டும். என் மேஜைக்கு வந்த எக்ஸ்ஆர் கன்வெர்ஷன் ஒவ்வொன்றிலும் ட்ரே வலப்பக்கம்தான். தட்டை ஓரம், மூன்று கண், நாலு நிறம் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவன் இதை மட்டும் விட்டிருக்கிறான், அவனுக்கு வேறு வழியில்லை.

இவற்றில் எதற்காவது 'இப்போ கையில செட் இல்ல' என்று பதில் வந்தால் காத்திருங்கள், காசு உங்கள் கையில்தான் இருக்கிறது. ஸ்க்ரீன்ஷாட்டில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ தெரிகிறது என்று தயங்கினால் அது நியாயமான தயக்கம். அந்த வரியை மறைத்து அனுப்பச் சொல்லுங்கள், உங்களுக்கு வேண்டியது மாடல் வரிதான். மாடல் வரியை மறைத்து ஐஎம்இஐயைக் காட்டினால் அது வேறு கதை.

ஐஎம்இஐ சோதனை பற்றி எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அது எதைச் சோதிக்கிறது என்று புரிந்துகொண்டு செய்யுங்கள். 15 இலக்க எண்ணை இப்படி அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் எந்தக் கம்பெனி, எந்த மாடலுக்கு ஒதுக்கப்பட்டது, முடக்கப்பட்டிருக்கிறதா என்று பதில் வரும்:

```
KYM <15 இலக்க IMEI>
```

அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதே வசதி உண்டு. ஆனால் பதில் வருவது எண்ணுக்கு. ஸ்ரீராமபுரம் பையன் சோதித்தது பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணை. அது எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிற நிஜமான 13 ப்ரோவின் எண், அதனால் '13 ப்ரோ' என்று நிஜமான பதிலே வந்தது. கையில் இருந்த செட்டில் `*#06#` அடித்து, திரையில் வந்த எண்ணை அனுப்பியிருந்தால் எக்ஸ்ஆர் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆகவே இந்தச் சோதனை நேரில், செட் உங்கள் கையில் இருக்கும்போது. திரையில் வந்த எண், பெட்டி எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். சீரியல் எண்ணில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. 13 வரிசையின் சீரியல் பொதுவாக 10 எழுத்து. எக்ஸ்ஆர் காலத்தில் 12 எழுத்து. `About` பக்கத்தில் எண்ணிப் பார்த்தால் போதும். அதே சீரியலை `checkcoverage.apple.com`-இல் போட்டால் மாடல் பெயர் வரும்.

இவற்றில் எது எவ்வளவு உறுதி என்று கேட்டால், `Model Name` எக்ஸ்ஆர் என்று காட்டினால் அப்பீலே கிடையாது. சிம் ட்ரே வலப்பக்கம் இருந்தாலும் அப்படியே, நாட்ச் பழைய வடிவம் என்றாலும் அப்படியே. மறுபக்கம் அவ்வளவு உறுதி இல்லை. மூன்றும் சரியாக வந்தால், படத்தில் இருக்கிற போன் 13 ப்ரோ என்று தெரியும். நாளை உங்கள் கையில் வைக்கப்போகிற போன் அதுதானா என்று தெரியாது. அதற்காகத்தான் ஓரப் படத்தில் ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் பெயரும் தேதியும் எழுதிப் பக்கத்தில் வைத்து எடுக்கச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் சாஃப்ட்வேரை உடைத்து மாடல் வரியையே மாற்றிக் காட்ட முடியுமே என்று யாராவது கேட்பார்கள். முடியும், ஆனால் என் மேஜைக்கு அப்படி ஒன்று வந்ததில்லை. வந்தாலும் ட்ரேவும் நாட்ச்சும் இடம் மாறாது.

போலி இல்லாமலே உங்களைக் குழப்பக்கூடியவையும் இருக்கின்றன. `Model Number` கடைசியில் `HN/A` என்று இருந்தால் இந்தியாவுக்கு வந்த செட். `LL/A` என்றால் அமெரிக்கா, `ZP/A` என்றால் ஹாங்காங். அது போலி கிடையாது, யாரோ கையில் கொண்டுவந்தது. மாடல் எண்ணும் அதற்கேற்ப வேறாக இருக்கும், அமெரிக்க 13 ப்ரோ `A2483`. அந்த எண் M-இல் தொடங்கினால் புதிதாகக் கடையில் விற்றது, F என்றால் ஆப்பிளே புதுப்பித்து விற்றது, N என்றால் பழுதுக்கு மாற்றிக் கொடுத்தது. அதே `About` பக்கத்தில் `Parts and Service History` என்று ஒரு வரி இருந்து, உள்ளே திரைக்கோ பேட்டரிக்கோ `Unknown Part` என்று காட்டினால், மற்ற சோதனைகள் சரியாக இருக்கும்வரை அது வெளி உதிரி போட்ட அசல் 13 ப்ரோ. அதை விலை குறைத்து வாங்கலாம், எங்களை மாதிரி ஆட்கள்தான் போட்டிருப்போம். தண்ணீர் போன செட், போர்டில் சாலிடர் வேலை நடந்த செட், இதெல்லாம் எந்தப் படத்திலும் தெரியாது. அதற்கு நான் உறுதி தர முடியாது.

மூன்று படமும் சரியாக வந்து நாளை நீங்கள் போவதாக இருந்தால், காசை எண்ணும் முன் கேமராவைத் திறந்து `.5`, `1`, `3` மூன்றையும் தொட்டு, ஒவ்வொன்றாகப் பின் லென்ஸ்களை விரலால் மூடிப் பாருங்கள். தொட்ட எண்ணுக்கு ஏற்றபடி ஒவ்வொரு முறையும் வேறு வேறு லென்ஸை மூடினால் திரை இருட்டாக வேண்டும். இதை நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள், இருட்டில் `3` தொட்டால் போன் சில நேரம் சாதா லென்ஸையே பெரிதாக்கிக் காட்டும், அசல் செட்டிலும்கூட. கீழே மோடு வரிசையில் `CINEMATIC` இருக்கிறதா என்று பாருங்கள், 13-க்கு அது உண்டு, எக்ஸ்ஆருக்குக் கிடையாது. பிறகு `*#06#`, பிறகு அந்த எஸ்எம்எஸ். விற்பவரை அவருடைய ஐக்ளவுட்டிலிருந்து உங்கள் கண்முன்னே வெளியே வரச் சொல்லி, செட்டை முழுதாக அழித்து, உங்கள் சிம்மைப் போட்டுத் திறந்த பிறகுதான் காசு. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் நின்றுகொண்டு இதைச் செய்ய முடியாது, அவசரப்படுத்துவார்கள். மெட்ரோ ஸ்டேஷனுக்குள் உட்கார இடமிருக்கிறது, அங்கே வரச் சொல்லுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் வந்தால் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். போடும் முன் சீரியல், ஐஎம்இஐ, `EID` வரிகளை மட்டும் கறுப்படித்துவிடுங்கள். பெட்டிப் படத்தில் பார்கோடு தெரிகிறது, அதையும் எடுத்துவிடுங்கள். அடுத்த பெட்டிக்கு எண் தேடுகிறவன் இந்த மாதிரிப் படங்களிலிருந்துதான் எடுக்கிறான்.